விடுபட்டதை மட்டும் சொல்லுங்கள். கேட்டதை உடன் சேர்த்தே அனுப்புங்கள்

மாலை 4.30 மணிக்கு மருத்துவமனையின் கைப்பேசிக்கு ஒரு செய்தி வருகிறது. எங்கள் பதிவில் இல்லாத எண். செய்தியில் பெயரோ ஊரோ இல்லை. இருப்பது இவ்வளவுதான்: “2, இல்லை.”

அனுப்பியவருக்கு அதன் பொருள் நன்றாகத் தெரியும். நண்பகலில் நாங்கள் கேட்ட கேள்விக்கு அது விடை. ஆனால் அதைக் கையில் வைத்திருக்கும் செவிலியருக்கு அது வெறும் எண்ணும் ஒரு சொல்லும் மட்டுமே. நண்பகலில் கேள்வி கேட்ட செவிலியர் பணி முடிந்து வீட்டுக்குச் சென்றுவிட்டார். அன்று பகலில் வந்த முப்பது செய்திகளில் எதற்கான விடை இது?

வீடு திரும்பிய நோயாளிகளின் குடும்பத்தார் ஐயங்களைக் கைப்பேசியில் கேட்பது இம்மலையில் இயல்பாகிவிட்டது. மன்னவனூர், கூக்கால், பூம்பாறை போன்ற ஊர்களிலிருந்து ஒரு கேள்விக்காகப் பேருந்தேறி வருவது எளிதன்று. ஆகவே கேட்பது நல்லதே. கேட்டதற்கு நாங்கள் மறுகேள்வி எழுப்பும்போது அதற்கு எவ்வாறு விடையனுப்புவது என்பதே இக்கட்டுரையின் பொருள். இதனை ஓர் எடுத்துக்காட்டின் வழியாக விளக்க விரும்புகிறோம்.

ஒரு செவ்வாய்க்கிழமை

மன்னவனூரில் ஒரு முதியவர். இதயத்தின் ஈரிதழ் வால்வுக்குப் பதிலாக உலோக வால்வு பொருத்தப்பட்டவர். அந்த வால்வின் மேல் இரத்தம் உறைந்துவிடாதிருக்க அசெனோகூமரால் என்னும் மாத்திரையை நாள்தோறும் இரவு 7 மணிக்கு உட்கொள்கிறார். இம்மருந்து குறைந்தால் வால்வில் இரத்தக்கட்டி உருவாகலாம். மிகுந்தால் உடலுக்குள் இரத்தம் கசியலாம். அதனால் ஐ.என்.ஆர். என்னும் இரத்தப் பரிசோதனையை அவ்வப்போது செய்துகொள்ள வேண்டும். ஈரிதழ் வால்வு மாற்றப்பட்டவர்களுக்கு அந்த எண் பெரும்பாலும் 2.5-க்கும் 3.5-க்கும் இடையில் இருக்குமாறு மருத்துவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

செவ்வாய் காலையில் கொடைக்கானலில் இரத்தம் கொடுத்துவிட்டு அவர் ஊர் திரும்பினார். முடிவு கைப்பேசிக்கு வந்தது. மகன் 11.40 மணிக்கு எங்களுக்கு எழுதினார்: “சிஸ்டர், மன்னவனூரிலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு வால்வு ஆபரேஷன் ஆனது. இன்று ஐ.என்.ஆர். 4.8 என்று வந்திருக்கிறது. ரத்தக் கசிவு எதுவும் இல்லை. இன்று இரவு மாத்திரை கொடுக்கலாமா?” அதனுடன் நோயாளி எண்ணையும் தந்திருந்தார்.

இது மிக நல்ல செய்தி. யார், எந்த ஊர், என்ன முடிவு, என்ன ஐயம் என அனைத்தும் உள்ளன. மருத்துவர் முடிவெடுக்க இன்னும் இரண்டு செய்திகளே தேவைப்பட்டன. செவிலியர் 12.10-க்குக் கேட்டார்: “தம்பி, மாத்திரை அளவு என்ன? புதிதாக வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறாரா?”

அந்நேரம் மகன் காரட் தோட்டத்தில் இருந்தார். கேள்வியைப் பார்த்தவுடன் வீட்டிலிருந்த தங்கையை அழைத்து, மாத்திரை அட்டையைப் பார்த்து மருத்துவமனைக்குச் சொல்லிவிடுமாறு கூறினார். தங்கை பார்த்தார். சிக்னல் கிடைத்தபோது தம் கைப்பேசியிலிருந்து அனுப்பினார். அதுதான் “2, இல்லை.”

ஒரே எண், இரண்டு பொருள்

அந்த விடை யாருடையது என்று மாலைப் பணியிலிருந்த செவிலியர் எப்படியோ ஊகித்துவிட்டார் என்றே கொள்வோம். அப்போதும் சிக்கல் தீரவில்லை. அசெனோகூமரால் 1, 2, 3, 4 மில்லிகிராம் அளவுகளில் விற்கப்படுகிறது. “2” என்பது ஒரு மாத்திரையில் உள்ள மில்லிகிராம் அளவா? நாளொன்றுக்கு உட்கொள்ளும் மாத்திரைகளின் எண்ணிக்கையா? “மாத்திரை அளவு” என்று நாங்கள் கேட்டதும் இரு பொருளுக்கும் இடந்தருவதே. எங்கள் கேள்வியிலும் குறை உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

இங்கே எங்கள் பழைய பதிவு உதவுவதற்கு மாறாக வழிதவறச் செய்யக்கூடும். கடந்த ஆண்டு எழுதப்பட்ட பதிவில் நாளொன்றுக்கு 4 மில்லிகிராம் என்று இருக்கிறது. பின்னர் நகரத்தில் வேறொரு மருத்துவர் அதனை 2 மில்லிகிராமாகக் குறைத்தது எங்கள் பதிவில் ஏறவில்லை. பதிவைப் புரட்டும் செவிலியர், “2 மில்லிகிராம் மாத்திரை இரண்டு, ஆக 4, பதிவுடன் பொருந்துகிறது” என்று எண்ணினால் அவரைக் குறை கூற இயலாது.

அந்த எண்ணத்தின் விளைவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். உண்மையில் அவர் உட்கொள்வது நாளுக்கு 2 மில்லிகிராம், வாரத்துக்கு 14. இத்தகைய நிலையில் மருத்துவர் இன்றைய மாத்திரையை நிறுத்திவிட்டு, வார அளவைச் சிறிது குறைக்கக்கூடும். ஐந்து நாள் 2 மில்லிகிராம், இரண்டு நாள் 1 மில்லிகிராம் என்று வைத்தால் வாரத்துக்கு 12 ஆகும். ஆனால் நாளுக்கு 4 மில்லிகிராம் என்று தவறாகக் கொண்டால் வாரத்துக்கு 28 என்று கணக்காகும். அதைக் குறைத்து ஐந்து நாள் 4, இரண்டு நாள் 2 என்று எழுதினால் 24 வரும். எழுதியவர் குறைத்ததாகவே நினைப்பார். நோயாளிக்கோ வழக்கமாக உட்கொள்வதைவிட வாரத்துக்கு 10 மில்லிகிராம் கூடுதலாகப் போகும். ஏற்கெனவே மிகுந்திருக்கும் ஐ.என்.ஆர். மேலும் உயரும்.

இந்த எடுத்துக்காட்டில் செவிலியர் ஊகத்தின் மேல் நடக்கவில்லை. அந்த எண்ணுக்குத் திரும்பத் திரும்ப அழைத்தார். மழைமூட்டத்தில் சிக்னல் இல்லை. இரவு 8.30 மணிக்குத் தொடர்பு கிடைத்தபோது, விடை வராததால் வழக்கம்போல் 7 மணிக்கே மாத்திரை கொடுத்துவிட்டதாக வீட்டார் கூறினர். மறுநாள் வரை அவரைக் கூர்ந்து கவனிக்க வேண்டியதாயிற்று. காலையில் கேட்ட கேள்வி சரி. மாலையில் பார்த்துச் சொன்ன எண்ணும் சரி. இரண்டும் ஒன்றையொன்று சென்று சேரவில்லை.

மற்றொரு பிழை: முழுவதையும் மீண்டும் எழுதுதல்

இதைக் கேட்ட சிலர், “அப்படியானால் எல்லாவற்றையும் முதலிலிருந்து மறுபடி எழுதிவிடலாமே” என்பார்கள். அக்கறையால் தோன்றும் எண்ணம் இது. ஆனால் அதிலும் இடர் உண்டு.

ஒரே செய்தியை இருமுறை எழுதும்போது இரண்டும் ஒன்றாக இருப்பதில்லை. காலையில் “ரத்தக் கசிவு எதுவும் இல்லை” என்று எழுதியவர் மாலையில் அவசரத்தில் அவ்வரியை விட்டுவிடுவார். காலையில் 4.8 என்று எழுதியது மாலையில் நினைவிலிருந்து 4.6 ஆகும். இப்போது மருத்துவர் முன் இரண்டு செய்திகள் நிற்கின்றன. எது சரி? இடையில் ஏதேனும் மாறிவிட்டதா? ஒரு கேள்விக்கு விடை கிடைத்து, புதிதாக மூன்று கேள்விகள் பிறந்துவிட்டன. இந்த ஐயங்களைத் தீர்க்க மீண்டும் கேட்க வேண்டும். மீண்டும் சிக்னலுக்காகக் காத்திருக்க வேண்டும்.

மேலும், முழுச்செய்தியும் புதிதாக வரும்போது அதனைப் புதிய வேண்டுகோளாகவே எடுத்துக்கொள்ள நேரிடும். 11.40-க்கு வந்து பாதி வேலை முடிந்த ஒன்று, 4.30-க்கு வந்த புதிய செய்தியாக வரிசையின் இறுதிக்குப் போய்விடும்.

ஆகவே முதற்செய்தியை மாற்றாமல் அப்படியே இருக்கவிட வேண்டும். விடுபட்ட துண்டை மட்டும் அதனோடு சேர்த்துத் தர வேண்டும். தந்தி நிலையங்கள் இருந்த காலத்தில் இதே முறைதான் வழக்கில் இருந்தது. ஒரு சொல் தெளிவின்றி வந்தால், பெற்ற நிலையம் தந்தியின் எண்ணையும் தேதியையும் குறிப்பிட்டு அந்தச் சொல்லை மட்டும் கேட்கும். அனுப்பிய நிலையமும் அதே எண்ணைச் சொல்லிச் சொல்லை மட்டும் திருப்பித் தரும். இந்தியாவில் தந்திச் சேவை 2013 ஜூலையில் முடிவுக்கு வந்தது. அந்தப் பழக்கத்துக்கான தேவை மட்டும் முடியவில்லை.

எப்படி அனுப்புவது?

வாட்ஸ்அப்பில் இதற்கு எளிய வழி உள்ளது. நாங்கள் கேட்ட கேள்வியின் மேல் விரலை வைத்து வலப்புறமாக இழுத்தால், அக்கேள்வி நீங்கள் எழுதும் இடத்துக்கு மேலே சிறு பெட்டியாக வந்து நிற்கும். அதன் கீழே விடையை எழுதி அனுப்பினால் கேள்வியும் விடையும் ஒட்டியே எங்களை அடையும். அந்தப் பெட்டியைத் தொட்டால் பழைய உரையாடல் இருக்கும் இடத்துக்கே எங்களால் செல்ல முடியும். பணிமாற்றம் நடந்திருந்தாலும் அடுத்த செவிலியருக்கு முழுக்கதையும் கிடைத்துவிடும். மலைப்பகுதியில் சிக்னல் விட்டுவிட்டுக் கிடைப்பதால் செய்திகள் மணிக்கணக்கில் தாமதமாக வருவதுண்டு; வேறு செய்திகள் இடையில் புகுந்துவிடுவதும் உண்டு. அப்போதும் ஒட்டிவந்த விடை தன் கேள்வியை இழப்பதில்லை.

இது முதற்செய்தியை அனுப்பிய அதே கைப்பேசியிலிருந்துதான் இயலும். எனவே இயன்றவரை ஒரே எண்ணிலிருந்து பேசுங்கள். வீட்டிலிருப்பவர் மாத்திரை அட்டையைப் பார்த்துச் சொல்ல, முதலில் எழுதியவரே விடையனுப்புவது சிறந்தது. வேறு வழியின்றி மற்றொரு கைப்பேசியிலிருந்தோ சாதாரணக் குறுஞ்செய்தியாகவோ அனுப்ப நேர்ந்தால், முதல் வரியில் பழைய வேண்டுகோளைச் சுட்டிவிடுங்கள். நம் எடுத்துக்காட்டில் தங்கை இவ்வாறு எழுதியிருக்கலாம்:

“மன்னவனூர், நோயாளி எண் இது. இன்று காலை 11.40-க்கு என் அண்ணன் அப்பாவின் ஐ.என்.ஆர். பற்றிக் கேட்டதற்கு நீங்கள் கேட்ட விவரம். ஒன்று: அட்டையில் 2 மில்லிகிராம் என்று இருக்கிறது; இரவில் ஒரு மாத்திரை கொடுக்கிறோம். இரண்டு: புதிய மருந்து எதுவும் இல்லை.”

இதில் காலைச் செய்தியின் விவரங்கள் மீண்டும் சொல்லப்படவில்லை; எங்கே இருக்கின்றன என்பது மட்டும் சுட்டப்பட்டுள்ளது. இரண்டு கேள்விகளுக்கும் தனித்தனியே விடை உள்ளது. எண்ணுக்குப் பக்கத்தில் அது எதன் எண் என்பதும் உள்ளது. இன்சுலினாயின் ‘யூனிட்’, பானமருந்தாயின் ‘மில்லி’, மாத்திரையாயின் மில்லிகிராமும் எண்ணிக்கையும் என அளவின் பெயரை எப்போதும் சேர்த்தே எழுதுங்கள்.

தொலைபேசியில் அழைப்பவர்களும் இதே முறையைப் பின்பற்றலாம். எடுத்தவுடன் “இரண்டு மில்லிகிராம், சிஸ்டர்” என்று தொடங்காமல், நோயாளி எண்ணையும் காலையில் கேட்டதையும் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டு விடையைச் சொல்லுங்கள். ஊரிலிருந்து வருபவரிடம் சீட்டுக் கொடுத்தனுப்பினால், நாங்கள் கேள்வி எழுதித் தந்த அதே சீட்டின் பின்புறத்தில் விடையை எழுதுங்கள். அவ்வாறு செய்தால் கேள்வியும் விடையும் ஒரே தாளில் வந்து சேரும்.

மாத்திரை அட்டையைப் படமெடுத்து அனுப்புவது நல்லதே. ஆனால் மருந்துக் கடைகளில் அட்டையை வெட்டித் தருவதுண்டு. பெயரும் மில்லிகிராமும் அச்சிட்ட பகுதி வெட்டுப்பட்டுப் போயிருக்கலாம். படத்தில் அவை தெளிவாகத் தெரிகின்றனவா என்று பார்த்துவிட்டு, படத்தையும் எங்கள் கேள்விக்கு ஒட்டியே அனுப்புங்கள். மாத்திரையின் நிறத்தை மட்டும் சொல்வது போதாது. ஒரே மருந்தின் நிறம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.

தெரியாதபோதும் மாறியபோதும்

கேட்ட விவரம் உங்களிடம் இல்லாமல் இருக்கலாம். அப்போது ஊகித்து ஓர் எண்ணைச் சொல்லிவிடாதீர்கள். “அட்டையில் அளவு தெரியவில்லை, வெட்டியிருக்கிறார்கள்” என்பதும் ஒரு விடையே. அதைக் கொண்டு மருத்துவர் வேறு வழி காண்பார். விடை சொல்லாமல் இருந்துவிட்டால், நீங்கள் தேடிக்கொண்டிருக்கிறீர்கள் என்றே நாங்கள் காத்திருப்போம்.

சில நேரங்களில் விடையைத் தேடும்போதுதான் முதலில் எழுதியது தவறு என்று தெரியவரும். அட்டையை எடுத்துப் பார்த்தால் அது வேறு மாத்திரையாக இருக்கும். அவ்வாறாயின் பழையதைச் சொல்லாமல் மாற்றி எழுத வேண்டாம். “காலையில் அசெனோகூமரால் என்று எழுதியது தவறு, அட்டையில் வார்ஃபரின் என்று இருக்கிறது” என்று பழையதையும் புதியதையும் அருகருகே வைத்துச் சொல்லுங்கள். எது மாறியது, எது மாறவில்லை என்பது அப்போதுதான் எங்களுக்கு விளங்கும்.

நோயாளியின் உடல்நிலையே இடையில் மாறிவிட்டால் இம்முறை பொருந்தாது. இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தை உட்கொள்பவருக்கு மலம் கருநிறமாகப் போவது, சிறுநீரில் இரத்தம், நிற்காத மூக்கு இரத்தம், தலையில் அடி, திடீர்க் கடுந்தலைவலி, கை கால் அல்லது பேச்சுத் தளர்ச்சி ஆகியவற்றில் எது தோன்றினாலும், அதனைப் பழைய செய்தியின் கீழ் விடையோடு விடையாக எழுதிவிட்டுக் காத்திருக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். அது புதிய நிகழ்வு; அதற்குரிய வேகம் வேறு.

அனுப்பும் முன் ஒரு நொடி

உங்கள் விடை சரியாக அமைந்துள்ளதா என்று அறிய ஓர் எளிய சோதனை உண்டு. முந்தைய உரையாடலைப் பாராத ஒருவரிடம் இந்தச் செய்தியை மட்டும் காட்டுவதாக எண்ணிக்கொள்ளுங்கள். இது யாரைப் பற்றியது, எந்த வேண்டுகோளைச் சேர்ந்தது, கேட்கப்பட்டதற்கு விடை என்ன என்ற மூன்றும் அவருக்கு விளங்குமா? விளங்கும் எனில் அனுப்பலாம். முன்பே சொன்ன விவரங்கள் முழுதாக மீண்டும் இடம்பெற்றிருந்தால் அவற்றை நீக்கிவிடலாம்.

எங்கள் பக்கத்திலும் ஒரு கடமை உண்டு. தொலைமருத்துவத்துக்கென நடுவண் அரசு 2020 மார்ச்சில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், நோயாளி இன்னார் என்று உறுதிசெய்துகொள்ளவும் உரையாடலின் பதிவைப் பேணவும் மருத்துவர்களைப் பணிக்கின்றன. இன்னாருடையது என்று உறுதியாகாத விடையின் மேல் மருந்தளவு சொல்ல எங்களால் இயலாது. ஆகவே அத்தகைய செய்தி வந்தால் மீண்டும் கேட்போம். அதைப் பொறுத்தருள வேண்டும். “மாத்திரை அளவு என்ன?” என்று கேட்பதற்கு மாறாக, “ஒரு மாத்திரை எத்தனை மில்லிகிராம்? நாளுக்கு எத்தனை மாத்திரை?” என்று பிரித்துக் கேட்பது எங்கள் பொறுப்பு.

அதே செவ்வாய்க்கிழமையை மீண்டும் நினைத்துப் பாருங்கள். அந்த இளம்பெண் மேலே கண்டவாறு நான்கு வரி எழுதியிருந்தால், மாலைப் பணிச் செவிலியர் காலைச் செய்தியைத் திறந்து, இரண்டையும் ஒன்றாக மருத்துவரிடம் காட்டியிருப்பார். “இன்று இரவு மாத்திரை வேண்டாம், நாளை முதல் இந்த அளவு, இந்நாளில் மறுபரிசோதனை” என்ற விடை 5 மணிக்கு முன்பே மன்னவனூரை அடைந்திருக்கும். இரவு 7 மணிக்கு மாத்திரை அட்டை பெட்டியிலேயே இருந்திருக்கும்.